ஒரே லோடுக்கு இரண்டு பில்: எப்போது ரத்து, எப்போது கிரெடிட் நோட்?

மண்டபத்தில் நான் கணக்கு எழுதும் ஐஸ் கம்பெனியில், மார்ச் மாதம் ஒரே தவறு இரண்டு முறை நடந்தது. ஒரே லோடுக்கு இரண்டு பில் போட்டுவிட்டோம். முதல் தடவை அந்த பில் மேஜையை விட்டுப் போவதற்கு முன்பே கண்ணில் பட்டது. இரண்டாவது தடவை கண்ணில் படும்போது மே மாதம் பிறந்துவிட்டது. தவறும் ஒன்று, தொகையும் ஒன்று. ஆனால் முதல் பில்லை ரத்து செய்தோம். இரண்டாவது பில்லின் மேல் கையே வைக்காமல், அதன் தொகையைக் குறைப்பதாகச் சொல்லி வாங்கியவருக்கு அனுப்பும் கிரெடிட் நோட்டை அதற்கு எதிராகப் போட்டோம். கணக்கு எழுதப் புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது என்பதால் இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தவறு எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஐஸ் பாரை வண்டியில் ஏற்றுகிறவர் ஒரு துண்டுச் சீட்டில் யாருக்கு, எத்தனை பார் என்று எழுதி மேஜைக்கு அனுப்புவார். அதைப் பார்த்து நாங்கள் பில் போடுவோம். அன்றைக்கு அவர் எழுதிய சீட்டு ஐஸ் தண்ணீரில் நனைந்து ஊறிப்போனது. படிக்க முடியாதோ என்று நினைத்து அவர் இன்னொரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். நனைந்த சீட்டை ஒரு தம்பி காயவைத்துப் படித்து பில் போட்டான். புதுச் சீட்டைப் பார்த்து நான் பில் போட்டேன். எங்களிடம் ஐஸ் வாங்கும் நண்டு கம்பெனிக்குப் போனது 100 பார். கணக்கில் ஏறியது 200 பார்.

ஒரு பார் 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பாருக்கு 12,000. ஐஸுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். மத்திய வரி 300, மாநில வரி 300. பில் தொகை 12,600. கடைசி வரை இந்த ஒரு தொகையை வைத்தே பார்ப்போம்.

முதல் தடவை, 829, 831 என்ற இரண்டு எண்களில் அந்த ஒரே லோடு பில் ஆகியிருந்தது. 829 வண்டியோடு போய்விட்டது. 831 அச்சாகி, மூன்று பிரதியும் தட்டிலேயே கிடந்தது. சாயங்காலம் சீட்டுகளை பில்லோடு சேர்த்துக் குத்தும்போதுதான் தெரிந்தது. 831 யார் கைக்கும் போகவில்லை, வாட்ஸ்அப்பிலும் அனுப்பவில்லை, அந்த எண்ணுக்கு ஐஸும் போகவில்லை. அப்படியானால் அது இன்னும் எங்கள் வீட்டுக் காகிதம்தான். அதை ரத்து செய்யலாம்.

ரத்து செய்வது என்றால் கிழித்துப் போடுவது இல்லை. மூன்று பிரதியின் குறுக்கேயும் ‘ரத்து’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ‘829-இன் இரட்டிப்பு’ என்று காரணமும் குறித்து, 830-க்கும் 832-க்கும் நடுவில் கோப்பில் வைத்தோம். டேலியில் அந்த பில்லைத் திறந்து Alt+X அழுத்தினோம். அதை அழுத்தினால் பில்லின் எண் அப்படியே இருக்கும். உள்ளே இருந்த தொகை போய்விடும். அன்றைய நாளேட்டில் அந்த எண் cancelled என்ற குறிப்போடு நிற்கும். விற்பனைக் கணக்கில் 12,000 இல்லை, வரிக் கணக்கில் 600 இல்லை, நண்டு கம்பெனி தர வேண்டிய பாக்கியில் 12,600 இல்லை. இதற்கென்று எதிர்ப்பதிவு ஒன்றும் போட வேண்டியதில்லை. கணக்கைப் பொறுத்தவரை அப்படி ஒரு விற்பனை நடக்கவே இல்லை. ஓர் எண் மட்டும் செலவாகியிருக்கிறது.

அந்த எண் ஏன் நிற்க வேண்டும்? வரி பில்லுக்கு ஒரு நிதியாண்டு முழுவதும் தொடர்ச்சியான எண் இருக்க வேண்டும், ஓர் எண் இரண்டு தடவை வரக்கூடாது என்று ஜிஎஸ்டி விதி 46 சொல்கிறது. மாதாமாதம் தாக்கல் செய்கிற விற்பனை அறிக்கையான GSTR-1-இல் 13-ஆவது அட்டவணை இதற்காகவே இருக்கிறது. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டீர்கள், அதில் ரத்தானது எத்தனை, மிச்சம் எத்தனை என்று அங்கே சொல்ல வேண்டும். எங்கள் மார்ச் பில்கள் 796 முதல் 884 வரை. மொத்தம் 89, ரத்து 1, நிகரம் 88. நாளைக்கு யாராவது 831 எங்கே என்று கேட்டால், கோப்பைத் திறந்து மூன்று பிரதியையும் காட்டலாம். பிரதி இல்லாமல் எண் மட்டும் காணாமல் போயிருந்தால், அந்த பில்லில் சரக்கு போனதா, காசு வாங்கினீர்களா என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

இங்கே புதியவர்கள் செய்கிற ஒரு தவறு உண்டு. Alt+X-க்குப் பதிலாக Alt+D அழுத்தி பில்லையே அழித்துவிடுவார்கள். தானியங்கி எண் வைத்திருந்து, எண் அமைப்பில் Renumber Vouchers என்று இருந்தால், அழித்த பிறகு அதற்குப் பின்னால் இருக்கிற பில் எல்லாம் ஒரு படி இறங்கிவிடும். ஏற்கெனவே 832 என்று அச்சடித்து ஒரு படகுக்காரர் கையில் கொடுத்த பில், கணக்கில் 831 ஆகியிருக்கும். அதற்கடுத்து எல்லாமே தப்பு. ஒரு பில்லைச் சரிசெய்யப் போய் ஐம்பது பில் கெட்டுப்போகும். அதனால் Alt+D பக்கமே போகாதீர்கள்.

சரி, ரத்து செய்யாமல் 831-க்கும் கிரெடிட் நோட் போட்டிருந்தால் என்ன கெட்டுவிடும் என்று அந்தத் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. கூட்டிக் கழித்தால் பூஜ்யம்தான். ஆனால் 831 விற்பனையாக GSTR-1-இல் ஏறும். நண்டு கம்பெனி, தன் பெயருக்கு மற்றவர்கள் போட்ட பில்களை அரசுத் தளம் பட்டியலிட்டுக் காட்டும் GSTR-2B-ஐத் திறந்து பார்த்தால், கண்ணாலேயே பார்க்காத ஒரு பில்லும் அதற்கு ஒரு கிரெடிட் நோட்டும் அங்கே இருக்கும். ‘இது என்ன பில், எங்களுக்கு வரவே இல்லையே’ என்று போன் வரும். எங்கள் புத்தகத்தில் நடக்காத விற்பனை 12,000-மும் வராத திருப்பம் 12,000-மும் ஏறி, அந்த மாத விற்பனையும் திருப்பமும் ஊதித் தெரியும். வீட்டுக்குள்ளேயே முடிந்துபோக வேண்டிய விஷயத்தை ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகும்.

இரண்டாவது தடவைக்குப் போகும் முன், ‘அனுப்பாத பில்’ என்பதற்கு எல்லை எது என்று சொல்லிவிட வேண்டும். காகிதம் மேஜையில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. சரக்கு போயிருந்தால் விற்பனை நடந்துவிட்டது. காகிதத்தை அனுப்ப மறந்துவிட்டோம் என்பதற்காக அந்த பில்லை ரத்து செய்தால், விற்ற ஐஸுக்கு பில்லே இல்லை என்றாகிவிடும். பில்லில் பெயரோ எண்ணிக்கையோ தப்பு என்றால் ரத்து செய்த கையோடு சரியான பில்லையும் போட்டுவிட வேண்டும். அதேபோல, ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், பதிவு பெற்றவர்களுக்குப் போடும் பில்லை அரசுத் தளத்தில் பதிந்து IRN என்ற எண் வாங்க வேண்டும். வாங்கிவிட்டால், அச்சடித்த தாள் உங்கள் கையிலேயே இருந்தாலும் பில் வெளியே போனதாகத்தான் கணக்கு. 24 மணி நேரத்துக்குள் அந்தத் தளத்திலேயே ரத்து செய்யலாம்; ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. 24 மணி நேரம் தாண்டினால் அங்கே ரத்து செய்ய வழியில்லை, கிரெடிட் நோட்தான். எங்கள் கம்பெனி அந்த அளவுக்குப் பெரிது இல்லை. ஆனால் எங்களிடம் ஐஸ் வாங்கும் ஏற்றுமதிக் கம்பெனிகளில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே இது தேவைப்படும்.

இப்போது இரண்டாவது தடவை. மார்ச் 26. அதே நனைந்த சீட்டு, அதே நண்டு கம்பெனி, அதே 100 பார். 868 சரியான பில். 871 இரட்டிப்பு. இந்த முறை 871-ஐ அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம். நிதியாண்டு முடிகிற அவசரத்தில் யாரும் சீட்டோடு ஒத்துப்பார்க்கவில்லை. நண்டு கம்பெனியின் கணக்கரும் இரண்டையும் கொள்முதலில் ஏற்றிவிட்டார். ஏப்ரல் 11-க்குள் மார்ச் மாத GSTR-1 போனது. ஏப்ரல் 14-இல் அவர்களுடைய GSTR-2B-யில் இரண்டு பில்லும் வந்து உட்கார்ந்தன. 20-ஆம் தேதிக்குள் நாங்கள் வரி கட்டுவதற்கான மாத அறிக்கையான GSTR-3B-ஐத் தாக்கல் செய்து, நடக்காத அந்த விற்பனைக்கும் சேர்த்து 600 ரூபாய் வரி கட்டினோம். அவர்கள் அந்த 600-ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கியது. வேலை குறைந்த அந்த நாட்களில்தான் எங்கள் கரையில் எல்லோரும் பழைய கணக்கை எடுத்து ஒத்துப்பார்ப்பார்கள். மே 5-ஆம் தேதி நண்டு கம்பெனியிலிருந்து போன். “அண்ணே, மார்ச் 26-க்கு எங்க கேட் நோட்டுல ஒரு லோடுதான் இருக்கு. உங்க பில் ரெண்டு இருக்கே?” நாங்கள் சீட்டுக் கட்டை எடுத்துப் பார்த்தோம். ஒரே லோடுக்கு இரண்டு சீட்டு. ஒன்றில் தண்ணீர்க் கறை.

அந்த நேரத்தில் எவருக்கும் முதலில் தோன்றுவது, மார்ச் 26-க்குப் போய் 871-இல் Alt+X அழுத்திவிடலாம் என்பதுதான். டேலி தடுக்காது. ஆனால் அழுத்தினால் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

எங்கள் புத்தகத்தில் மார்ச் விற்பனை 12,000 குறையும். நாங்கள் தாக்கல் செய்த GSTR-1-இல் அது குறையாது. புத்தகத்தின்படி மார்ச் வரி 600 குறைவு, கட்டியதோ பழையபடி. அதனால் வரிக் கணக்கில் 600 ரூபாய் கூடுதலாகக் கட்டியதாக ஒரு தொகை தொங்கும். அது ஏன் வந்தது என்பதற்குப் புத்தகத்துக்குள் ஆதாரமே இருக்காது, ஆதாரத்தைத்தான் நாமே ரத்து செய்துவிட்டோமே. மார்ச் 31 தேதியிட்டு ஆடிட்டரிடம் கொடுத்த பாக்கிப் பட்டியலில் நண்டு கம்பெனியின் பெயருக்கு நேராக இருந்த தொகையும், அதைத் தொடர்ந்து ஏப்ரல் 1-இன் தொடக்க இருப்பும் சத்தமில்லாமல் மாறிவிடும். அவர் கையில் இருக்கும் தாளுக்கும் நம் கணினிக்கும் 12,600 வித்தியாசம் வரும். இவ்வளவுக்கும் நடுவில் நண்டு கம்பெனியின் புத்தகத்தில் 871 உயிரோடுதான் இருக்கும். அவர்கள் கையில் பில் இருக்கிறது, 2B-யில் பில் இருக்கிறது, விற்ற எங்களிடம் மட்டும் இல்லை. நம் புத்தகத்தில் எழுதியதை நாம் அடிக்கலாம். அடுத்தவர் புத்தகத்தில் ஏறியதை நம் வீட்டில் உட்கார்ந்து அடிக்க முடியாது. அங்கே போய்ச் சேரும்படி இன்னொரு காகிதம் அனுப்ப வேண்டும். அந்தக் காகிதம்தான் கிரெடிட் நோட்.

பில் நிறுவனச் சட்டத்தின்கீழ் வரும் கம்பெனியுடையது என்றால் இன்னொன்றும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் அவர்கள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருள், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடத்தைப் பதிந்துவைக்க வேண்டும். பழைய மாதத்து பில்லை மே மாதத்தில் ரத்து செய்தது அந்தத் தடத்தில் அப்படியே தெரியும்.

நாங்கள் செய்தது இது. டேலியில் Alt+F6 அழுத்தி, மே 6 தேதியிட்டு, அந்த நிதியாண்டின் மூன்றாவது கிரெடிட் நோட்டைப் போட்டோம். அதற்குத் தனி வரிசை எண். உள்ளே, ‘பில் எண் 871, மார்ச் 26’ என்று மூல பில்லின் எண்ணும் தேதியும். இது கட்டாயம், இது இல்லாத கிரெடிட் நோட்டை எந்த பில்லோடும் சேர்க்க முடியாது. காரணம்: ‘868-இல் ஏற்கெனவே பில் ஆன லோடு’. பதிவு இப்படி விழுந்தது:

விற்பனைத் திருப்பம், பற்று 12,000
மத்திய வரி, பற்று 300
மாநில வரி, பற்று 300
நண்டு கம்பெனி, வரவு 12,600

பில் போட்டபோது நண்டு கம்பெனிக்குப் பற்று வைத்து விற்பனைக்கும் வரிக்கும் வரவு வைத்தோம். இது அதைத் தலைகீழாகப் பிடித்தது. ஒரே ஒரு வேறுபாடு, 12,000-ஐ விற்பனைக் கணக்கிலேயே கழிக்காமல் விற்பனைத் திருப்பம் என்ற தனிக் கணக்கில் வைத்தோம். நேராக விற்பனையிலேயே கழிப்பவர்களும் இருக்கிறார்கள். தனியாக வைப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். ஒரு வருடத்தில் எவ்வளவு பில் திரும்பியது என்று முதலாளி கேட்டால் ஒரே கணக்கைத் திறந்து காட்டிவிடலாம்.

இப்போது புத்தகத்தைப் பாருங்கள். மார்ச்சில் 871 அப்படியே நிற்கிறது. மார்ச் விற்பனையும் மார்ச் வரியும் நாம் தாக்கல் செய்ததோடு காசு பிசகாமல் ஒத்துப்போகின்றன. மே மாதத்தில் திருப்பம் ஏறி, மே மாதம் கட்ட வேண்டிய வரியில் 600 குறைகிறது. நண்டு கம்பெனியின் பேரேட்டைத் திறந்தால் மார்ச் 26-இல் ஒரு 12,600 பற்று, மே 6-இல் ஒரு 12,600 வரவு. தவறும் தெரிகிறது, அதைத் திருத்திய நாளும் தெரிகிறது.

மறுபக்கம் நண்டு கம்பெனி கொள்முதலில் 12,000-ஐக் குறைத்து, எடுத்த உள்ளீட்டு வரி 600-ஐத் திருப்ப வேண்டும். அவர்கள் திருப்பாவிட்டால் நாம் நம் வரியைக் குறைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் கிரெடிட் நோட்டை அனுப்பியதோடு விடாமல், ‘ஏற்றிவிட்டீர்களா, வரியைத் திருப்பிவிட்டீர்களா’ என்று கேட்டு ஒரு பதிலை எழுத்தில் வாங்கிவைத்தேன். இரண்டு வரி வாட்ஸ்அப் செய்திதான், அதையும் அச்சடித்து கிரெடிட் நோட்டின் பின்னால் குத்தியிருக்கிறேன்.

படகுக்காரர்களில் ஜிஎஸ்டி எண் இல்லாதவர்களுக்குப் போட்ட பில் என்றால் இந்தத் தொந்தரவு இல்லை. அவர்கள் உள்ளீட்டு வரி எடுப்பதில்லை. அந்த மாதச் சில்லறை விற்பனைத் தொகையில் கழித்துக் காட்டினால் போதும். அப்போதும் மூல பில் அவர் கையில் இருக்கிற வரை கிரெடிட் நோட் போடுவதுதான் முறை.

இதற்குக் காலக்கெடு உண்டு. எந்த நிதியாண்டின் பில்லோ, அந்த ஆண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டுக்கான ஆண்டு அறிக்கையைத் தாக்கல் செய்யும் நாள், இரண்டில் எது முந்தியோ அதற்குள் கிரெடிட் நோட்டை அறிக்கையில் காட்டியாக வேண்டும். 2025 மார்ச் பில் என்றால் 2025 நவம்பர் 30. அது தாண்டினால் பாக்கித் தொகையைக் குறைத்து வரியில்லாத ஒரு கிரெடிட் நோட் போடலாம், ஆனால் கட்டிய 600 திரும்பாது. தடைக்காலத்தில் ஒத்துப்பார்க்கும் வழக்கம் எங்கள் கரையில் இருப்பது இந்த வகையில் பெரிய நன்மை. மார்ச் முடிந்து இரண்டு மாதத்துக்குள் தவறு வெளியே வந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல், இது ஆண்டுக் கணக்கைச் சேர்ந்தது. மார்ச் 26-க்கும் மே 6-க்கும் நடுவில் மார்ச் 31 வந்து போய்விட்டது. போன ஆண்டு லாபத்தில் நடக்காத 12,000 சேர்ந்திருக்கிறது. இந்த ஆண்டு லாபத்தில் அது கழிகிறது. வரி அறிக்கைக்கு இது பரவாயில்லை, கிரெடிட் நோட் எந்த மாதத்தில் போட்டோமோ அந்த மாதத்தில் காட்டுவதுதான் விதி. ஆனால் ஆண்டுக் கணக்கு உண்மையைச் சொல்ல வேண்டுமே. ஆண்டுக் கணக்கில் கையெழுத்து ஆகவில்லை என்பதால், ஆடிட்டர் மார்ச் 31 தேதியில் 12,000-க்கு, ‘போட வேண்டிய கிரெடிட் நோட்’ என்று ஓர் ஒதுக்கீடு எழுதச் சொன்னார். போன ஆண்டு விற்பனை அந்த அளவுக்குக் குறைந்தது. மே மாதத் திருப்பத்தை அந்த ஒதுக்கீட்டில் கழித்தோம். 871-ஐத் தொடவில்லை, தாக்கல் செய்த அறிக்கையைத் தொடவில்லை, லாபமும் சரியான ஆண்டில் நின்றது.

இந்த இரண்டு தவறுக்கும் பிறகு சீட்டு முறையை மாற்றினோம். சீட்டுப் புத்தகத்தில் இப்போது அச்சிட்ட எண் இருக்கிறது. சீட்டு நனைந்தால் புதுச் சீட்டில் பழைய எண்ணையும் எழுத வேண்டும். பில் போட்டதும் பில் எண்ணைச் சீட்டின் மூலையில் எழுதி ஆணியில் குத்திவிட வேண்டும். மூலையில் எண் இருக்கிற சீட்டுக்கு யாரும் பில் போடுவதில்லை.

மே மாத GSTR-1-இல், பதிவு பெற்றவர்களுக்கான கிரெடிட் நோட்டுகள் வரும் 9B அட்டவணையில் அந்த ஒரு நோட்டைக் காட்டி ஜூன் 11-க்குள் தாக்கல் செய்தோம். ஜூன் 14-ஆம் தேதி நண்டு கம்பெனியின் 2B-யில் அது வந்துவிட்டதாக அந்தக் கணக்கர் சொன்னார். அவர் பேரேடும் எங்கள் பேரேடும் ஒரே தொகையில் நின்றன. அன்றோடு தடைக்காலமும் முடிகிறது. வாசலில் அடுத்த கடல் பயணத்துக்கு ஐஸ் ஏற்ற வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. புதுச் சீட்டுப் புத்தகத்தின் முதல் தாளைக் கிழித்துக் கொடுத்தார்கள். நான் அடுத்த பில்லைப் போட உட்கார்ந்தேன்.